திரையைப் படம் பிடித்த படத்திலிருந்து ஓர் அட்டவணையைப் படியெடுத்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

கையில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசிப் படம். குளிரூட்டும் கருவி ஒன்றின் சோதனை நடந்துகொண்டிருந்தபோது, அளவீடுகளைப் பதிவுசெய்த மென்பொருளின் திரையைத் தொழில்நுட்பர் ஒருவர் எடுத்து வைத்திருந்தார். பின்னர் அந்தக் கணினியின் வன்தட்டு பழுதானது, பதிவுக் கோப்பும் போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக 46 வரிகள் திரையில் தெரிந்தன. வரிசை எண், நேரம், மேல் நடு கீழ் என மூன்று இடங்களின் வெப்பநிலை, மின்னோட்டம், அந்த ஐந்து நிமிடத்தில் செலவான மின்சாரம், தொடக்கம் முதல் சேர்ந்த மொத்த மின்சாரம் என ஒவ்வொரு வரியிலும் எட்டு நிரல்கள். இவற்றை எண்களாக மீட்டுத் தர வேண்டும்.

படத்தில் மூன்று குறைகள் ஒன்றாக இருந்தன. வெள்ளைப் பின்புலம் முழுவதும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக மொய்ரே பட்டைகள். வலது மேல் மூலையில் சன்னல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு, இடது கீழ்ப்பக்கத்தில் மங்கல். திரை 27 அங்குல வளைந்த வகை என்பதால் மேல் விளிம்பு நடுவில் தாழ்ந்தும் கீழ் விளிம்பு நடுவில் உயர்ந்தும் தெரிந்தது. பார்த்தவுடன் கண்ணை உறுத்துவது பட்டைகள்தான். ஆனால் அட்டவணையில் பெரிய பிழையை உண்டாக்குவது வளைவு. சிறிய, கண்டுபிடிக்க முடியாத பிழையை உண்டாக்குவது பட்டைகளை நீக்க நாம் செய்யும் வேலை. இந்த ஆய்வின் மையம் அதுதான்.

முதலில் எந்தக் கோப்பு

முதலில் வந்தது செய்திச் செயலி வழியாக அனுப்பிய படம். 1600 × 1200 பிக்சல். மூலப் படம் 4000 × 3000. திரையின் தெளிவு 1920 × 1080. மூலத்தில், திரையின் நடுப்பகுதியில், ஒரு திரைப் பிக்சலுக்குச் சுமார் 1.875 படப் பிக்சல் கிடைத்திருந்தது. சுருக்கிய படத்தில் அதே இடத்தில் 0.75 மட்டுமே. ஒரு திரைப் பிக்சலுக்கு ஒரு படப் பிக்சல்கூட இல்லாதபோது, ஒரு பிக்சல் தடிமனுள்ள எழுத்துக்கோடு பக்கத்து வெள்ளையோடு கலந்துவிடுகிறது. சுருக்கும்போது புதிய பட்டைகளும் சேர்கின்றன. அந்தப் படத்தில் வேலை செய்வதில் பொருளே இல்லை. படத்தைக் கோப்பாக, சுருக்காமல் அனுப்பச் சொல்லி வாங்கிய பிறகே மற்றவை தொடங்கின. படியெடுக்கும் வேலையில் மிக அதிகப் பலன் தரும் ஒரே நடவடிக்கை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

பட்டைகள் எப்படி வந்தன

கேமரா உணரியில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. வழக்கமான அமைப்பில் நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆகவே ஒரு கிடைவரிசையில் சிவப்பு அளவீடு இரண்டு பிக்சலுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். நடுப்பகுதியில் 30 படப் பிக்சல் அகலத்துக்குள் 16 திரைப் பிக்சல்கள் அடங்குகின்றன. அதே அகலத்தில் சிவப்பு அளவீடுகள் 15. பதினாறு ஏற்ற இறக்கங்களைப் பதினைந்து இடங்களில் மட்டும் தொட்டு அளந்தால், ஒவ்வொரு தொடலும் பிக்சலின் சற்றே வேறான பகுதியில் விழுகிறது. 30 பிக்சல் கடந்ததும் பழைய இடத்துக்கே திரும்புகிறது. அந்த ஒரு வித்தியாசம்தான் ஒரு பட்டை. நீலத்துக்கும் இதே கதைதான். சிவப்பும் நீலமும் சேர்ந்து கூடும் இடம் இளஞ்சிவப்பாகவும், குறையும் இடம் பச்சையாகவும் தெரிகிறது.

இந்தப் படத்தில் பட்டைகளின் அகலம் ஒரே அளவாக இல்லை. நடுவில் 30 பிக்சல்; ஓரம் நோக்கிப் போகப் போக அகன்று, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பட்டையே இல்லாதது போல ஒரே சாயலாகி, அதன்பின் மீண்டும் நெருங்கி ஓரத்தில் 29 பிக்சல் அளவுக்கு வருகிறது. காரணம் வளைவு. திரையின் ஓரங்கள் கேமராவுக்கு அருகில் இருப்பதாலும் கேமராவை நோக்கித் திரும்பியிருப்பதாலும், அங்கே ஒரு திரைப் பிக்சலுக்குச் சுமார் 2.15 படப் பிக்சல் கிடைக்கிறது. 1.875 தொடங்கி 2.15 வரை போகும் வழியில் எங்கோ சரியாக 2 வர வேண்டும். அங்கே சிவப்பு அளவீடும் திரைப் பிக்சலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதால் பட்டை மறைகிறது. ஆகவே பட்டைகளைத் தொல்லையாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. படத்தின் எந்த இடத்தில் உருப்பெருக்கம் எவ்வளவு என்பதை அவை நமக்குச் சொல்கின்றன.

இதே காரணத்தால், பட்டைகளை நீக்கப் பலரும் சொல்லும் வழியான அதிர்வெண் வடிகட்டல் இங்கே உதவாது. படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே உருமாற்றத்தில் பட்டைகள் கூர்மையான புள்ளிகளாகத் தெரிந்தால் அவற்றை மட்டும் அழிக்கலாம். அகலம் இடத்துக்கு இடம் மாறினால் அந்தப் புள்ளி நீண்டு கறையாகிவிடுகிறது. கறையை அழித்தால் எழுத்தின் பகுதியும் போகும். மங்கலாக்கிப் பட்டையைக் கரைப்பதும் முடியாது. அந்த மென்பொருளில் எல்லா எழுத்துகளும் 8 திரைப் பிக்சல் அகலம், அதாவது படத்தில் 15 பிக்சல். ஒரு பட்டை சரியாக இரண்டு எழுத்தின் அகலம். பட்டையைக் கரைக்கும் அளவுக்கு மங்கலாக்கினால் எழுத்து அதற்கு முன்பே கரைந்துவிடும்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது மிக எளியது: பச்சை அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வது. பச்சை அளவீடு ஒரு வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று இருந்தாலும் அடுத்த வரிசையில் ஓரிடம் தள்ளி அமைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எந்தச் செங்குத்து வரிசையும் விடுபடுவதில்லை. அதனால் 30 பிக்சல் பட்டை பச்சையில் பெரும்பாலும் காணாமற்போய், நுண்ணிய நெருடல் மட்டும் எஞ்சியது. முழுதும் போகவில்லை, ஜேபெக் கோப்பாக மாறுவதற்கு முன்பே கேமரா மூன்று நிறங்களையும் கலந்து கணக்கிட்டிருந்தது. எஞ்சியதை அப்படியே விட்டுவிட்டேன்.

வெளிச்சம்

சீரற்ற வெளிச்சத்தில் இரண்டு வகை இருந்தன. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் தவறான தீர்வு வரும். இடது கீழ் மங்கல் பெருக்கல் வகை: பார்வைக் கோணத்தால் அங்கே திரையின் ஒளியே குறைந்திருக்கிறது, வெள்ளையும் கறுப்பும் ஒரே விகிதத்தில் குறையும். பின்புலத்தை மதிப்பிட்டு அதனால் வகுத்தால் சரியாகிவிடும்.

```python
img = cv2.imread("screen.jpg")
g = cv2.extractChannel(img, 1)
bg = cv2.medianBlur(g, 81)
flat = cv2.divide(g, bg, scale=255)
```

81 என்பது ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் இடைநிலை மதிப்பு எடுக்கப்படும் சதுரச் சாளரத்தின் பக்க அளவு; அது தற்செயலாக வந்ததல்ல. எழுத்து வரிகளுக்கு இடையே 20 திரைப் பிக்சல், படத்தில் 37 பிக்சல் இருந்தன. சாளரம் இரண்டு வரிகளையாவது உள்ளடக்கினால், அதில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே இருக்கும். இடைநிலை மதிப்பு பின்புலத்தின் மதிப்பாகவே அமையும். சாளரம் சிறிதானால் எழுத்துகளே பின்புலமாகக் கணக்கிடப்பட்டு அரிக்கப்படும். மிகப் பெரிதானால் வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களில் பின்தங்கும். தேர்வு செய்யப்பட்ட வரி ஒன்று நீலப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தாக இருந்தது. அதற்கு இந்த முறை பொருந்தாது. அதைத் தனியாக வெட்டி, நிறத்தைத் தலைகீழாக்கிப் படித்தோம்.

வலது மேல் மூலையின் பிரதிபலிப்பு கூட்டல் வகை. சன்னல் ஒளி வெள்ளையின் மீதும் விழுகிறது, கறுப்பின் மீதும் விழுகிறது. எளிமைக்காக ஒளியின் அளவும் பிக்சல் மதிப்பும் நேர்விகிதம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை 130, எழுத்து 20 என்று இருந்த இடத்தில் 90 கூடினால் வெள்ளை 220, எழுத்து 110. வகுத்தால் எழுத்து பின்புலத்தில் பாதி அளவுச் சாம்பலாகத்தான் வரும். மற்ற இடங்களில் அது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. அந்தப் பகுதிக்கு மட்டும் வேறுபாட்டைத் தனியாக நீட்டிக்க வேண்டியிருந்தது. பிரதிபலிப்பின் நடுவில் சிறிய பகுதியில் மதிப்பு 255-ஐத் தொட்டிருந்தது. அங்கே எழுத்து மங்கவில்லை, பதிவாகவே இல்லை. எந்த வடிகட்டியும் அதைத் திருப்பித் தராது. மொத்த மின்சார நிரலின் மேல் வரிகள் சில அந்தப் பகுதியில் இருந்தன.

வளைவு: வரி மாறிப்போகும் ஆபத்து

திரையின் வளைவு 1800R வகை, அதாவது 1800 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி. 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 598 மி.மீ. எனவே ஓரங்கள் நடுவைவிடச் சுமார் 25 மி.மீ. முன்னே வந்திருக்கின்றன. படம் அரை மீட்டர் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், ஓரத்தில் உயரம் 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். படத்தில் அளந்தபோது அப்படித்தான் இருந்தது: நடுவில் திரையின் உயரம் சுமார் 2030 பிக்சல், ஓரங்களில் 2130.

ஐந்து சதவீதம் என்பது சிறிதாகத் தோன்றும். ஆனால் முதல் தரவு வரியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தொடர்ந்தால் அது 40 பிக்சலுக்கு மேல் உயர்கிறது. வரி இடைவெளியோ 37 பிக்சல்தான். அளவுகோலை வைத்துக் கிடையாகப் படிப்பவர், ஒரு வரியின் நடு வெப்பநிலையையும் வேறொரு வரியின் மொத்த மின்சாரத்தையும் சேர்த்து எழுதிவிடுவார். ஒவ்வோர் எண்ணும் சரியாகப் படிக்கப்பட்டிருக்கும். அட்டவணை தவறாக இருக்கும். திரையின் நடு உயரத்தில் உள்ள வரிகளில் இந்த வளைவு இல்லாததால், மாதிரிக்கு அங்கே சரிபார்த்தவர்களுக்குப் பிழை தெரியவே தெரியாது.

நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்து நேராக்கும் வழக்கமான திருத்தம் இதற்குப் போதாது. அது நேர்க்கோடுகளை நேர்க்கோடுகளாகவே வைத்திருக்கும், வளைந்ததை நேராக்காது. ஆனால் உருளைவடிவத் திரையில் ஒரு வசதி உண்டு. அதன் செங்குத்துக் கோடுகள் நேராகவே இருக்கின்றன, கேமரா நிமிர்ந்து இருந்தால் ஒரு செங்குத்துக் கோட்டின் எல்லாப் புள்ளிகளும் ஒரே ஆழத்தில் இருக்கின்றன. ஆகவே மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஒவ்வொரு வளைகோட்டைப் பொருத்திவிட்டு, இடையில் சம விகிதமாகப் பிரித்தாலே உயரத் திசை சரியாகிவிடும். சாய்வாக எடுத்த படமாக இருந்தால் முதலில் நான்கு மூலைத் திருத்தம், பிறகு இது.

அகலத் திசைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். நிரல் தலைப்புகளுக்குக் கீழே மென்பொருள் சிறு கோடுகளால் ஒரு நீண்ட அடிக்கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு சிறு கோடும் சரியாக 8 திரைப் பிக்சல் தள்ளி நிற்கும். அவற்றின் இடங்களைக் குறித்து, திரையில் இருந்த இடத்துக்கும் படத்தில் இருக்கும் இடத்துக்கும் மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றைப் பொருத்தினோம். விளிம்புகளுக்கு இரண்டாம் படியே போதுமானது. கீழே px என்பது முதலாவது கோவை; ptop, pbot என்பவை மேல், கீழ் விளிம்புகளுடையவை.

```python
u, v = np.meshgrid(np.arange(5760) / 3, np.arange(3240) / 3)
x = np.polyval(px, u)
y0, y1 = np.polyval(ptop, x), np.polyval(pbot, x)
y = y0 + (y1 - y0) * v / 1080
out = cv2.remap(flat, np.float32(x), np.float32(y), cv2.INTER_CUBIC)
```

வெளியீட்டின் அளவு திரையின் அளவில் சரியாக மூன்று மடங்கு. இதை வேண்டுமென்றே அப்படி வைத்தோம். ஒவ்வொரு எழுத்தும் 24 × 60 பிக்சல் கட்டத்துக்குள் வந்துவிடுகிறது. எந்தக் கட்டம் எந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து என்பது கணக்காகத் தெரிகிறது. காலியாகத் தோன்றும் கட்டமும் ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது பின்னால் மிகவும் பயன்பட்டது. திருத்தம் சரியா என்று பார்க்க, வரிசை எண் நிரலையும் கடைசி நிரலையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேலிருந்து கீழ்வரை எழுத்துகளின் அடிப்பகுதி ஒரே மட்டத்தில் நின்றது.

புள்ளியும் கழித்தல் குறியும்

இந்த நிலையில் படம் படிக்கத்தக்கதாகிவிட்டது. எஞ்சிய நெருடலையும், நேராக்குவதற்கு முன்பே, 3 × 3 இடைநிலை வடிகட்டியால் துடைத்துவிட்டால் அச்சிட்டது போல ஆகிவிடும் என்ற ஆசை வரும். துடைத்த படத்தையும் துடைக்காததையும் ஒப்பிட்டோம். துடைத்ததில் தசமப் புள்ளிகள் பல இடங்களில் இல்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அந்த எழுத்துருவில் தசமப் புள்ளி ஒரே ஒரு திரைப் பிக்சல். மூலப் படத்தில் ஏறத்தாழ 2 × 2. ஒன்பது பிக்சல் கொண்ட சாளரத்தில் அதிகபட்சம் நான்கு கறுப்பு, குறைந்தது ஐந்து வெள்ளை. இடைநிலை மதிப்பு எப்போதும் வெள்ளையே. புள்ளி மங்கவில்லை, தடயமே இல்லாமல் அழிகிறது. கழித்தல் குறி ஒரு பிக்சல் தடிமன். இரண்டு வரிசை முழுக் கறுப்பாகப் பதிந்திருந்தால் ஒன்பதில் ஆறு கறுப்பு, தப்பிக்கும். ஒரே வரிசை மட்டும் நன்றாகப் பதிந்திருந்தால் ஒன்பதில் மூன்று, அதுவும் போகும். படத்தை அழகாக்கும் வடிகட்டி, மிகச் சிறிய குறிகளை முதலில் அழிக்கிறது. இந்த அட்டவணையில் மிகச் சிறிய குறிகள்தான் மிகப் பெரிய பொருளைச் சுமக்கின்றன. 218.4 என்பது 2184 ஆனால் யாராவது கவனிப்பார்கள், -0.4 என்பது 0.4 ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் சாம்பல் நிறத்திலேயே நிறுத்திக்கொண்டோம். கறுப்பு வெள்ளையாக வெட்டவும் இல்லை.

ஒளியெழுத்துணரி மென்பொருளிலும் நேராக்கிய படத்தைக் கொடுத்துப் பார்த்தோம். இலக்கங்களைப் பெரும்பாலும் சரியாகவே படித்தது. புள்ளிகளைத்தான் விட்டது, 3-ஐயும் 8-ஐயும் பட்டை எஞ்சிய இடங்களில் மாற்றிப் படித்தது. ஆகவே நானும் உடன் பணிபுரிபவரும் தனித்தனியாகத் தட்டெழுதி, இரண்டையும் ஒப்பிட்டோம். வேறுபாடுகள் சிதறிக் கிடக்கவில்லை. 3/8, 6/8 குழப்பத்திலும், பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலைகளிலும் குவிந்திருந்தன.

3/8 குழப்பத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, அதே படத்தில் ஐயமில்லாத 3-களையும் 8-களையும் வெட்டி, ஐயமான எழுத்துக்குப் பக்கத்தில் வைப்பது. எல்லாம் ஒரே எழுத்துரு, ஒரே கட்டம் என்பதால் பார்க்க வேண்டியது இடது பக்கத்தின் இரண்டு சிறு பகுதிகள் மட்டுமே: அங்கே கறுப்பு இருந்தால் 8. இன்னொன்று அட்டவணையின் உட்கணக்கு. 31-ஆம் வரியில் ஐந்து நிமிட மின்சாரம் 4.3 என்றும் 4.8 என்றும் இருவரும் படித்திருந்தோம். முந்தைய மொத்தம் 218.4, அந்த வரியின் மொத்தம் 222.7, இரண்டும் தெளிவாக இருந்தன. வித்தியாசம் 4.3. மூன்று எண்களில் இரண்டு தெளிவாக இருந்தால் மூன்றாவது தீர்ந்துவிடுகிறது.

வெப்பநிலைக்கு அப்படி ஓர் உட்கணக்கு இல்லை. நடு வெப்பநிலை நிரலில் 2.0, 1.2, 0.4, 0.4, 1.1 என்று தெரிந்தது. குளிர்ந்துகொண்டே போகும் கருவி என்பதால் நான்காவது -0.4, ஐந்தாவது -1.1 என்று யாரும் ஊகிக்கலாம். படத்தை எடுத்த தொழில்நுட்பரும், “அங்கே கழித்தல் குறி இருந்தே தீரும், போட்டுவிடுங்கள்” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கருவி எதிர்பார்த்தபடி குளிர்ந்ததா என்பதைக் கண்டறியத்தான் அந்தச் சோதனையே நடந்தது. எதிர்பார்ப்பைக் கொண்டு அளவீட்டை நிரப்பினால், பிறகு அந்த அளவீடு எதிர்பார்ப்பை மெய்ப்பிப்பதாகத் தோன்றும்.

எனவே கட்டத்தையே அளந்தோம். எண்களுக்கு முன்னுள்ள காலிக் கட்டத்தில், ஒவ்வொரு கிடைவரிசையின் சராசரி ஒளியைத் தனித்தனியாகக் கணக்கிட்டு மேலிருந்து கீழாக ஒரு வரைபடமாக்கினோம். கழித்தல் குறி கட்டத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் நீளுவதால், அது இருக்கும் உயரத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழ வேண்டும். செங்குத்துப் பட்டையின் கருமையோ எல்லா வரிசைகளிலும் சமமாகப் பரவியிருக்கும். கீழே தெளிவாகத் தெரிந்த -5.2, -5.9 போன்ற எண்களின் கட்டங்களில் அந்தப் பள்ளம் எந்த உயரத்தில் விழுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டோம். ஐந்தாவது எண்ணில் அதே உயரத்தில் தெளிவான பள்ளம் இருந்தது. முதல் மூன்றில் இல்லவே இல்லை. நான்காவதில் ஆழம் குறைந்த ஒரு தாழ்வு, சரியான உயரத்திலேயே இருந்தது. ஆனால் குறியே இல்லாத கட்டங்கள் சிலவற்றிலும் நெருடலால் ஏறத்தாழ அதே ஆழமுள்ள தாழ்வுகள் காணப்பட்டன.

ஒப்படைத்த வடிவம்

அட்டவணையில் ஒவ்வொரு மதிப்புக்கும் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்பதற்கான குறி இருந்தது. இருவரும் ஒன்றாகப் படித்தவற்றுக்குக் குறி இல்லை. உட்கணக்கால் தீர்ந்தவை, கட்டத்தை அளந்து தீர்ந்தவை, படத்தில் இல்லாமல் கணக்கிட்டு எழுதியவை எனத் தனித்தனிக் குறிகள். பிரதிபலிப்பில் முற்றிலும் மறைந்த மொத்த மின்சார மதிப்புகளை ஐந்து நிமிட மதிப்புகளைக் கொண்டு கணக்கிட முடிந்தது. ஆனால் அவை சாய்வெழுத்தில், “படிக்கப்படவில்லை” என்ற குறிப்புடன் இருந்தன. ஏனெனில் அவற்றைக் கொண்டு மீண்டும் ஐந்து நிமிட மதிப்புகளைச் சரிபார்க்க யாராவது முனைந்தால் அது வட்டமாகச் சுற்றும்.

நடு வெப்பநிலையின் அந்த நான்காவது எண் [?]0.4 என்றே போனது. அதன் கட்டத்தின் வரைபடமும், மூலப் படத்திலிருந்து வெட்டிய துண்டும் கூடவே இணைக்கப்பட்டன. மேல், கீழ் வெப்பநிலைகள் அந்த நேரத்தில் முறையே 1.6, -2.3 என்று ஐயமின்றித் தெரிந்ததால், சோதனை அறிக்கையை எழுதியவர் நடு மதிப்பைத் தவிர்த்துவிட்டு அவற்றையே பயன்படுத்திக்கொண்டார்.